நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே

குரு நாட்டில் கம்மாசதம்மம் என்னும் ஊரில் புத்தர் தங்கியிருந்தபோது, அவருடைய அணுக்கத் தொண்டரான ஆனந்தர் ஒரு நாள் அவரை வணங்கி, துக்கம் எதைச் சார்ந்து தோன்றுகிறது என்று முறையாகக் கூறும் அந்தப் போதனை மிகவும் ஆழமானதாக இருந்தபோதிலும், தமக்கு அது தெள்ளத் தெளிந்ததாகவே தோன்றுகிறது என்று வியப்போடு சொன்னார். மாணவன் பாடம் விளங்கிவிட்டது என்று சொன்னால் மகிழ்வதே ஆசிரியர்களின் இயல்பு. புத்தரோ, அப்படிச் சொல்லாதே என்று அவரைத் தடுத்தார். இந்த ஒன்றை உட்புகுந்து அறியாததனாலேயே மக்கள் சிக்கலாகிப் போன நூலைப்போலவும், முடிச்சு விழுந்த நூற்பந்தைப்போலவும் பின்னிக் கிடக்கிறார்கள் என்று கூறி, அதன்பின் அவர் நிகழ்த்திய நீண்ட உபதேசமே தீக நிகாயத்தின் 15ஆவது சூத்திரமாகிய மகாநிதான சூத்திரம். பாலியில் படிச்சசமுப்பாதம் என்றும், வடமொழியில் பிரதீத்தியசமுத்பாதம் என்றும் வழங்குகிற அந்தத் தத்துவத்தைச் ‘சார்பின் தோற்றம்’ என்று தமிழில் சொல்லலாம். ஆனந்தருக்குக் கிடைத்த எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் முழுப் பரப்பையும் அளக்க முயலாமல், அன்றாட வாழ்வின் துன்பம் உருவாகும் ஓர் இடத்தை மட்டும் இங்கே சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

இத்தத்துவத்துக்குரிய சொற்களைத் தேடித் தமிழன் வெளியே போக வேண்டியதில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் முப்பதாவது காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் பகுதியில், பன்னிரண்டு நிதானங்களும் அழகான தமிழ்ப் பெயர்களோடு வைக்கப்பட்டிருக்கின்றன. அவித்தை என்பது அங்கே பேதைமை, சம்ஸ்காரம் செய்கை, விஞ்ஞானம் உணர்வு, நாமரூபம் அருவுரு. ஐம்பொறிகளோடு மனத்தையும் சேர்த்து ஆறாக எண்ணப்படும் ஆயதனங்கள் வாயில் என்ற ஒரே சொல்லில் அடங்குகின்றன. பொறியும் பொருளும் உணர்வும் கூடுவது ஊறு. அக்கூட்டத்தில் எழும் இன்பமோ துன்பமோ இரண்டுமற்றதோ ஆகிய அனுபவம் நுகர்வு. அதன்மேல் வேட்கை எழுகிறது. வேட்கை முற்றிப் பற்றாகிறது. பற்றிலிருந்து பவமும், பவத்திலிருந்து தோற்றமும், தோற்றத்திலிருந்து பிணி, மூப்பு, சாக்காடு முதலிய துயரங்களும் வருகின்றன. வேட்கை என்பதை நுகர்ந்தும் ஆராத தன்மை என்றும், பற்று என்பதைப் பசைபோல் ஒட்டிக்கொள்ளும் அறிவு என்றும் அந்நூல் விளக்கும் திறம், மூலநூல்களை உடன்வைத்துப் படிப்போரையும் வியக்கவைக்கும்.

ஆனால் மேலிருந்து கீழாக இப்பட்டியலை மனப்பாடம் செய்வது, இதை அறிந்துகொள்ளும் வழி அன்று. புத்தர் தாம் ஞானம் பெறுமுன் விசாரித்த முறையை ஓரிடத்தில் கூறும்போது, கடைசிக் கண்ணியிலிருந்தே தொடங்குகிறார். மூப்பும் சாவும் எது இருப்பதால் இருக்கின்றன? பிறப்பு இருப்பதால். பிறப்பு எது இருப்பதால்? இவ்வாறு ஒவ்வொரு படியாக இறங்கிச் செல்கிறது அந்த விசாரணை. மகாநிதான சூத்திரத்தில் ஒவ்வொரு படியிலும் ஒரு சோதனையும் வைக்கப்படுகிறது. எவருக்கும், எவ்விடத்திலும், எவ்வகையிலும் பிறப்பு என்பதே இல்லையென்று வைத்துக்கொண்டால், மூப்பும் சாவும் காணப்படுமா? காணப்படமாட்டா என்றால், மூப்புக்கும் சாவுக்கும் பிறப்பே சார்பு. ஒன்றை நீக்கிப் பார்த்தால் மற்றொன்று நிற்கிறதா என்று கேட்கும் இந்தச் சோதனைதான் முழுத் தத்துவத்துக்கும் உரைகல். இது இருக்க அது இருக்கிறது என்ற பாதியோடு, இது நீங்க அது நீங்குகிறது என்ற மறுபாதியும் சேர்ந்தாலன்றிப் பௌத்தர் கூறும் காரணகாரிய முறை பூர்த்தியாவதில்லை.

இந்தச் சோதனையை உற்று நோக்கினால், அது எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிப்பதில்லை என்பது விளங்கும். விறகின்றி நெருப்பில்லை என்பது உண்மை. விறகு கிடக்கும் இடங்களிலெல்லாம் நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்பது உண்மையன்று. சார்பு என்று பொருள்படும் ‘பச்சயம்’ என்ற பாலிச் சொல், இன்றியமையாத நிபந்தனையைக் குறிக்கிறதே தவிர, தனித்து நின்று காரியத்தைக் கட்டாயப்படுத்தும் ஒற்றைக் காரணத்தை அன்று. இந்த நுண்ணிய வேறுபாட்டைத் தவறவிட்டுவிட்டு, சங்கிலி என்ற உவமையைப் பிடித்துக்கொண்டவர்கள், முதற் கண்ணியை இழுத்தால் கடைசிக் கண்ணி தானே வந்துவிடும் என்று எண்ணி, பௌத்தத்தை ஒருவகை விதிவாதமாக ஆக்கிவிடுகிறார்கள். அப்படியானால் ஒருவரும் துக்கத்திலிருந்து மீள வழியே இல்லை. போதி மரத்தடியில் மீண்டவரும் மீண்டிருக்க முடியாது.

இத்தொடரில் நெகிழ்ந்து கொடுக்கும் மூட்டு எங்கே இருக்கிறது என்றால், நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில் என்று சொல்லலாம். கண்ணும் காட்சியும் கூடினால் ஊறு ஏற்படுவதை யாராலும் தடுக்க இயலாது. ஊறு ஏற்பட்டபின் இனிமையோ கசப்போ தோன்றாமலிருக்கச் செய்யவும் இயலாது. முள் குத்தினால் அருகதருக்கும் வலிக்கும். சம்யுத்த நிகாயத்தில் அம்பைக் கொண்டு கூறப்படும் உவமை இதைத்தான் விளக்குகிறது. பயிற்சியற்றவன் உடலில் வலி வந்தபோது அதோடு நில்லாமல் வருந்திப் புலம்பி மனத்திலும் ஒரு வலியை உண்டாக்கிக்கொள்கிறான். அவன் ஓர் அம்பு தைத்த இடத்தில் இரண்டாவது அம்பும் தைத்தவனுக்கு ஒப்பானவன். பயிற்சியுடையவனுக்கு முதல் அம்பு உண்டு, இரண்டாவது இல்லை. எனவே நுகர்விருந்தும் வேட்கை எழாமலிருக்கக்கூடும். எழுவதற்கு நுகர்வோடு பேதைமையும் கூடியிருக்க வேண்டும். பட்டியலின் தலைப்பில் எழுதப்பட்டிருப்பதால், பேதைமை என்றோ நடந்து முடிந்த ஒரு பழைய நிகழ்ச்சி என்று எண்ணுவது பிழை. ஒவ்வொரு நுகர்வின் அருகிலும் அது உடனிருந்துகொண்டே இருக்கிறது.

இவ்விடத்தில் மகாநிதான சூத்திரம், பிற சூத்திரங்கள் பொதுவாகச் செய்யாத ஒன்றைச் செய்கிறது. வேட்கையை அடைந்தவுடன் பற்று, பவம் என்று நேர்வழியே போகாமல், திடீரென்று ஒரு கிளைவழியில் திரும்பிவிடுகிறது. வேட்கையைச் சார்ந்து தேடுதல், தேடுதலைச் சார்ந்து பெறுதல், பெற்றதைச் சார்ந்து இது இன்னதற்கு என்னும் தீர்மானம், தீர்மானத்தைச் சார்ந்து ஆசை, ஆசையைச் சார்ந்து அழுந்திப்போதல், அதனால் உடைமையாக்கல், உடைமையாக்கியதனால் உலோபம், உலோபத்தால் காவல், காவலின் பொருட்டுத் தடியெடுத்தலும் ஆயுதமெடுத்தலும், சண்டையும் வாக்குவாதமும், கோளும் பொய்யும். பிறவிச் சுழலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், தெருச்சண்டையை விளக்கத் தொடங்கிவிட்டாரே என்று முதன்முறை படிக்கும்போது தோன்றும். எனக்கோ, இந்த ஒரு பத்தியின் பொருட்டே அந்தச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம் என்று தோன்றுகிறது. ஏனெனில் இப்படிகள் ஒவ்வொன்றிலும் என் காலடி பதிந்திருக்கிறது. அதைச் சொல்லிவிடுவதே நேர்மை.

சில ஆண்டுகளுக்குமுன் நான் நாள்தோறும் மாலையில் ஒரு வாசகசாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். முதல் நாள் தற்செயலாக வடக்குச் சன்னலையொட்டிக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வேனிற்காலம்; வெளியே நின்ற வேப்பமரத்திலிருந்து இதமான காற்று வந்தது. உடலுக்குச் சுகமாக இருந்தது. அதுவரையில் நடந்தது ஊறும் நுகர்வும், அதில் குற்றமொன்றுமில்லை. மறுநாள் வாசலில் காலை வைத்ததும் கண் தானாக அந்த நாற்காலியைத் தேடிற்று. வேட்கையும் தேடலும் அதற்குள் நடந்துவிட்டன. இடம் காலியாக இருந்தது, பெற்றேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, குறிப்பெடுத்துப் படிக்கிறவனுக்கு வெளிச்சமுள்ள இடமே ஏற்றது, பத்திரிகை புரட்டுகிறவர்களுக்கு எந்த இடமானால் என்ன என்று மனத்துக்குள் ஒரு நியாயத்தை அமைத்துக்கொண்டேன். சூத்திரம் தீர்மானம் என்று கூறுவது இதைத்தான். வேட்கை தன் முகத்தைக் காட்டிக்கொண்டு வருவதில்லை, நியாயத்தின் வேஷத்தில்தான் வருகிறது என்பதை அப்போது நான் உணரவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. அந்த இடம் கிடைக்காத நாளில் படிப்பு ஓடவில்லை. ‘என் நாற்காலி’ என்று வாய் சொல்லத் தொடங்கிற்று. வேறொருவர் அதில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால்கூட, நான் எதையோ இழந்துவிட்டதுபோல் இருந்தது. நான் வேறிடத்தில் உட்கார்ந்திருந்தாலும், அந்த நாற்காலியைப் பிறர் அனுபவிக்கக்கூடாது என்ற அந்த எண்ணமே உலோபம். பிறகு புத்தகம் எடுக்க எழுந்து போகும்போதெல்லாம் மேல்துண்டை மடித்து நாற்காலியின்மேல் போட்டுவிட்டுப் போகலானேன், காவல் ஏற்பட்டுவிட்டது. ஒரு நாள் முதியவர் ஒருவர் துண்டை எடுத்துப் பக்கத்து மேசைமேல் வைத்துவிட்டு அதில் அமர்ந்துவிட்டார். நான் தடியெடுக்கவில்லை, ஆனால் சூத்திரத்தில் தடிக்குப் பின்னால் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கும் வாக்குவாதத்தையும் பொய்யையும் எடுத்தேன். நான் இரண்டு நிமிடந்தான் எழுந்து போயிருந்தேன் என்றேன். போய் அரை மணிக்கு மேலாகியிருந்தது. அவர் மறுமொழி சொல்லாமல் எழுந்து சென்றுவிட்டார். அன்றிரவு வெகுநேரம்வரை, அவரிடம் சொல்லியிருக்கக்கூடிய இன்னும் சாமர்த்தியமான வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன். நாற்காலி வாசகசாலையில் இருந்தது. இரண்டாவது அம்பு என்னோடு வீட்டுக்கு வந்திருந்தது.

இனி, புத்தர் வைத்த சோதனையை இங்கே வைத்துப் பார்க்கலாம். காவல் இல்லையென்றால் அந்த வாக்குவாதம் நடந்திருக்குமா? நடந்திராது. ‘என்’ என்ற எண்ணமின்றிக் காவல் ஏற்பட்டிருக்குமா? ஏற்பட்டிராது. இவ்வாறே பின்னோக்கிச் சென்றால், வேட்கையின்றித் தேடல் இல்லை என்பதுவரை விடை தடையின்றி வருகிறது. அடுத்து, நுகர்வின்றி வேட்கை இல்லை என்பதும் உண்மையே. ஆனால் அந்தக் காற்றின் சுகம் ஏற்பட்ட எவருக்கும் இந்தக் கதி நேரவேண்டும் என்பதில்லை. அதே நாற்காலியில் எத்தனையோ பேர் உட்கார்ந்து, சுகம் என்று அறிந்து, எழுந்து போயிருக்கிறார்கள். ஆகவே இத்தொடரை அறுக்க வேண்டுமென்றால், முதியவர் துண்டை எடுத்து வைத்த நொடியில் பொறுமையைத் தேடுவதில் பயனில்லை. அதற்குள் எட்டுப் படிகள் கடந்தாகிவிட்டன. இரண்டாம் நாள் கண் தேடியபோதே, சுகம் வந்தது, மனம் அதை மீண்டும் கேட்கிறது என்று அறிந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். பௌத்தப் பயிற்சியில் நுகர்வைக் கவனித்தல் தனியொரு பயிற்சியாக, சதிபட்டானம் நான்கினுள் இரண்டாவதாக, வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. நுகர்வை ஒழிப்பது அங்கே நோக்கமன்று. உணர்ச்சியற்ற கட்டையாவதே பௌத்தம் என்று பேசுகிறவர்கள், ஏழாவது கண்ணியையும் எட்டாவது கண்ணியையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டவர்கள்.

இன்னொரு குழப்பமும் நம்மிடையே பெருவழக்காக இருக்கிறது. எது வந்தாலும் முன்வினைப்பயன் என்று கூறிவிட்டு, அதுதான் காரணகாரிய நியாயம் என்று திருப்தி அடைவது அது. மோளியசீவகன் என்ற பரிவிராசகன் புத்தரிடம் இதையே கேட்டான்: மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் யாவும் முன் செய்தவற்றால் வருவன என்று சிலர் கூறுகிறார்களே, உண்மையா? பித்தத்தாலும், சிலேட்டுமத்தாலும், வாதத்தாலும், அவை மூன்றும் கூடுவதாலும், பருவ மாறுதலாலும், தாறுமாறான நடத்தையாலும், திடீரென்று நேரும் தாக்குதலாலும், வினைப்பயனாலும் வேதனைகள் உண்டாகின்றன என்று எட்டுக் காரணங்களைக் கூறிய புத்தர், எல்லாம் முன்வினை என்போர் தாமே அறிந்ததையும் உலகம் உண்மையென்று ஒப்பியதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். எட்டில் ஒன்றுதான் வினை. வேனிற்காலத்து வெக்கைக்கு என் பூர்வ ஜன்மத்தைத் தேட வேண்டியதில்லை.

சரி, இந்தத் துன்பத்தை அனுபவிப்பவன் யார் என்று கேட்கலாம். மோளியபக்குனர் என்ற பிக்கு கேட்டது அதுவே: நுகர்கிறவன் யார், வேட்கை கொள்கிறவன் யார்? கேள்வியே சரியன்று என்றார் புத்தர். எதைச் சார்ந்து நுகர்வு உண்டாகிறது என்று கேள், அதற்கு விடை உண்டு. மீனவர் மரபில் வந்த சாதி என்ற பிக்குவோ, ஒரே விஞ்ஞானம் மாறாமல் பிறவிதோறும் ஓடித் திரிகிறது என்று எண்ணிக்கொண்டு அதுவே புத்தருடைய கொள்கையென்று சொல்லிவந்தபோது, கடுமையான கண்டனத்துக்கு ஆளானார். கட்டையில் எரிவது கட்டை நெருப்பு, சாணத்தில் எரிவது சாண நெருப்பு. அதுபோலக் கண்ணைச் சார்ந்து எழுவது கண்ணுணர்வு, காதைச் சார்ந்து எழுவது காதுணர்வு. சார்பை நீக்கிவிட்டுத் தனித்துத் திரியும் உணர்வென்று ஒன்றில்லை என்பது அவருக்குக் கூறப்பட்ட விளக்கம். பற்று என்று நாம் மொழிபெயர்க்கும் ‘உபாதானம்’ என்ற சொல்லுக்கே எரிபொருள் என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை நினைத்தால், இந்த உவமை வெறும் அலங்காரமாக வந்ததன்று என்பது புலனாகும். நாற்காலியைப் பறிகொடுத்த ‘நான்’ என்பவன் அந்நாற்காலிக்கு முன்பே இருந்து அதைப் பற்றியவனல்லன். பற்றியதனால், அந்த அளவுக்கு, உண்டானவன். பவம் என்ற சொல்லை இவ்வாறும் விளங்கிக்கொள்ளலாம்.

இவ்வாறும் என்று நான் சொல்வதற்குக் காரணம், மரபு பெரும்பாலும் அவ்வாறு விளக்கவில்லை என்பதே. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமார்க்கத்தை இயற்றிய புத்தகோஷர், பன்னிரண்டு நிதானங்களையும் மூன்று பிறவிகளில் பகிர்ந்துவைத்தார். பேதைமையும் செய்கையும் சென்ற பிறவிக்குரியவை. உணர்வு முதல் பவம்வரை இப்பிறவிக்கு. தோற்றமும் மூப்புச் சாக்காடும் வரும் பிறவிக்கு. மணிமேகலையும் இதே வழியில் நான்கு கண்டம், மூன்று சந்தி, மூன்று காலம் என்று வகுக்கிறது. வசுபந்துவின் அபிதர்மகோசமோ இம்முறையை ஏற்றுக்கொண்டு பேசும்போதே, ஒருவன் ஆசையால் கொலை செய்யும் ஒரே கணத்தில் பன்னிரண்டும் ஒருங்கே நிகழ்வதாகக் காட்டும் வேறொரு விளக்கத்தையும் எடுத்துரைக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் தாய்லாந்தின் புத்ததாச பிக்கு, மூன்று பிறவி விளக்கத்தை அடியோடு மறுத்து, ‘நான்’ என்ற எண்ணம் எழுவதே பிறப்பு, அது நாளொன்றுக்குப் பலமுறை நிகழ்கிறது என்று வாதித்தார்.

இதில் என் கருத்தைக் கேட்டால், புத்ததாசர் பாதி தூரம் மட்டுமே சரியென்பேன். சூத்திரங்கள் பிறப்பு என்பதை விளக்கும்போது உடலெடுத்துத் தோன்றுதலையே வெளிப்படையாகக் கூறுகின்றன. நரைத்தலும் பல் விழுதலும் என்று மூப்பைச் சொல்லுமிடத்தில் உருவகத்துக்கு இடமில்லை. ஆயினும் கண்ணிகளின் எண்ணிக்கையே சூத்திரத்துக்குச் சூத்திரம் மாறுகிறது. மகாநிதானத்தில் ஒன்பதுதான், பேதைமையும் செய்கையும் வாயிலும் அங்கே இல்லை. உணர்வும் அருவுருவும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்றும், அவை ஒன்றின்மேலொன்று சாய்த்து வைத்த இரண்டு நாணற்கட்டுகளைப் போன்றவை, ஒன்றை எடுத்தால் மற்றது விழுந்துவிடும் என்றும் சாரிபுத்தர் காசியில் மகாகோட்டிதருக்கு விளக்கியிருக்கிறார். ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே செல்லும் சங்கிலியில் இவ்வாறு எதிரெதிரே தாங்கிக்கொள்ளும் இரண்டு கண்ணிகளுக்கு இடமேது? ஒரே நியாயம் பிறவிகளுக்கிடையிலும் இயங்குகிறது, ஒரு மாலைப்பொழுதிலும் இயங்குகிறது என்று கொள்வதே மூலநூல்களுக்கு நெருக்கமானது. இரண்டில் நாம் சோதித்துப் பார்க்கக்கூடியது மாலைப்பொழுதுதான். புத்தகோஷரே இப்பகுதிக்கு உரை கூறப் புகும்போது, கடலில் இறங்கியவன்போல் தமக்குக் கால் நிலைகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டதை, எந்தப் பக்கத்தில் நின்று வாதிடுவோரும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மணிமேகலையின் முப்பதாவது காதைக்குப் பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை என்று பெயர். பன்னிரண்டு நிதானங்களையும் கேட்டறிந்தபின், அவள் அறுபடவேண்டும் என்று குறித்தது பத்தாவதாகிய பவத்தை. பவம் தானாக அறுபடுவதில்லை. வேட்கையைச் சார்ந்த பற்று நீங்கினால் அது நீங்கும். அது அவளுக்கு அறுபட்டதா என்று காப்பியம் கூறவில்லை. நோன்பைத் தொடங்கினாள் என்பதோடு முடிந்துவிடுகிறது.